ஒரே 68, இரண்டு பிள்ளைகள்
ஏழாம் வகுப்புப் பெற்றோருக்குக் கணக்கு டீச்சர் எழுதும் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

முதல் பருவம் முடிந்து மதிப்பெண் அட்டை உங்கள் கைக்கு வந்திருக்கும். வழக்கம்போல வாசலில் நின்று கேட்பீர்கள்: "டீச்சர், காலாண்டில் என் பிள்ளை எத்தனாவது ரேங்க்?" ரேங்க் இல்லை என்பேன். "அப்போ பாஸா?" எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்துவதில்லை, எல்லோரும் பாஸ்தான் என்பேன். "அப்போ எதுக்கு இத்தனை கட்டம்?" என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். நியாயமான கேள்விதான். வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாததால் இந்தக் கடிதம்.

நீங்கள் படித்த காலத்தில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று பரீட்சை. முழு ஆண்டுப் பரீட்சைக்கு ஜூன் மாதப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். 2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும், அதோடு சேர்த்துத் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையும் வந்தன. புத்தகம் மூன்றாகப் பிரிந்தது. உங்கள் பிள்ளை இப்போதும் ஏழாம் வகுப்புக்கு மூன்று பருவப் புத்தகம்தான் வாங்குகிறான். முதல் பருவத்தில் படித்ததற்கு முதல் பருவத்தோடு தேர்வு முடிந்துவிடும். இரண்டாம் பருவத் தேர்வில் அந்தப் பாடம் கேட்கப்படாது. பை கனம் குறைந்தது. மதிப்பெண் போடும் விதமும் மாறியது.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பருவத்தில் மொத்தம் 100. அதில் 60 மட்டுமே பருவத்தின் கடைசியில் எழுதும் தேர்வுக்கு. அட்டையில் அதைத் தொகுத்தறி மதிப்பீடு என்று போட்டிருப்போம். மீதி 40 பருவம் முழுக்க வகுப்பறையில் சேர்வது. அதன் பெயர் வளரறி மதிப்பீடு. இந்த 40 மறுபடி இரண்டாகப் பிரியும். (அ) என்பது செயல்பாடு: செய்து காட்டுவது, அளப்பது, பேசுவது, தாளில் வெட்டி ஒட்டுவது. அதற்கு 20. (ஆ) என்பது பாடம் நடக்கும்போதே வைக்கும் சிறு எழுத்துத் தேர்வு. அதற்கு 20. எங்கள் பள்ளியில் பருவத்துக்கு நான்கு செயல்பாடு, நான்கு சிறு தேர்வு வைக்கிறோம். எல்லாம் பத்துப் பத்து மதிப்பெண். ஒவ்வொரு நான்கிலும் கூடுதலாக வாங்கிய இரண்டை மட்டும் எடுத்து 20 ஆக்குகிறோம். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு இது நல்லது. ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மொத்தத்துக்கு ஒரு தரநிலை கொடுப்போம். 91 முதல் 100 வரை A1, 81 முதல் 90 வரை A2, அப்படியே பத்துப் பத்தாக இறங்கி B1, B2, C1, C2. 33 முதல் 40 வரை D. அதற்குக் கீழே E1, E2. 61 வாங்கிய பிள்ளைக்கும் 70 வாங்கிய பிள்ளைக்கும் ஒரே B2. 71 வாங்கினால் B1. ஒரு மதிப்பெண்ணில் எழுத்து மாறும், ஒன்பது மதிப்பெண்ணில் மாறாமலும் இருக்கும். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எழுத்தோடு உங்கள் பிள்ளையின் எழுத்தை ஒப்பிட்டு ஒரு வாரம் வீட்டில் சண்டை போடுவது வீண்.

எழுத்தைவிட முக்கியமானது அந்த 40-ம் 60-ம் எப்படி அமைந்திருக்கின்றன என்பது. இதைச் சொல்ல இரண்டு பிள்ளைகளை நானாகவே உருவாக்கிக்கொள்கிறேன். நம் வகுப்பில் யார் என்று தேட வேண்டாம். இருவருக்கும் கணக்கில் 68, இருவருக்கும் B2. முதல் பிள்ளைக்கு வளரறியில் 34, தொகுத்தறியில் 34. இரண்டாவது பிள்ளைக்கு வளரறியில் 20, தொகுத்தறியில் 48. அட்டையை மேலோட்டமாகப் பார்க்கிற பெற்றோருக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு இவர்கள் இருவரும் இரண்டு வேறு வேலைகள்.

முதல் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பருவம் முழுக்க 40-க்கு 34 வாங்குகிறாள். கடைசித் தேர்வில் 60-க்கு 34 என்று விழுகிறாள். "பரீட்சை பயம் டீச்சர், வீட்டில் நல்லாத்தான் படிக்கிறா" என்று அம்மா சொல்வார். பயமாக இருக்கலாம். ஆனால் பயத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் சிறு தேர்வு நோட்டைத் திறந்து பாருங்கள். நான்கு தேர்வில் அவள் வாங்கியது 9, 3, 8, 4 என்று இருக்கிறது. கூடுதலான இரண்டை எடுத்தால் 17. அட்டையில் ஏறியது அந்த 17 மட்டும். 3-ம் 4-ம் அட்டையில் இல்லை. நான் சொன்ன சிக்கல் இதுதான். பிள்ளை எந்தப் பாடத்தில் தடுமாறுகிறாள் என்று சொல்லும் இரண்டு எண்களையும் விதி கழித்துவிடுகிறது. கடைசித் தேர்வு யாரையும் கழிக்காது. எல்லாப் பாடத்திலிருந்தும் கேட்கும்.

அந்த 3 எந்தத் தேர்வில் வந்தது? அளவைகள் பாடத்தில். முதல் பருவத்தில் இணைகரத்தின் பரப்பளவு வருகிறது. படத்தில் அடிப்பக்கம் 8 செ.மீ., சாய்ந்த பக்கம் 5 செ.மீ., செங்குத்து உயரம் 4 செ.மீ. என்று மூன்று எண்களும் கொடுத்திருந்தேன். சரியான விடை எட்டு நான்கு 32 சதுர செ.மீ. அவள் எட்டை ஐந்தால் பெருக்கி 40 என்று எழுதியிருக்கிறாள். இது கவனக்குறைவு இல்லை. செவ்வகத்தில் பக்கமும் உயரமும் ஒன்றே என்பதால் 'பக்கம் பெருக்கல் பக்கம்' என்று ஆறாம் வகுப்பிலேயே மனதில் ஊன்றிவிட்டது. இணைகரத்திலும் அதையே செய்கிறாள். படத்தில் 5 என்ற எண்ணைக் கொடுக்காமல் விட்டிருந்தால் அவள் சரியாக 32 எழுதியிருப்பாள், எனக்கும் தெரியாமல் போயிருக்கும். தேவையில்லாத எண்ணையும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான். பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டேதான் எழுதுகிறார்கள்.

நான்காவது தேர்வில் வந்த 4 இன்னும் சுவாரசியமானது. அது நேர், எதிர் விகிதம். ஒரு வேலையை 6 பேர் 12 நாளில் முடிக்கிறார்கள், 9 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? மொத்த வேலை ஆறு பன்னிரண்டு 72 ஆள்-நாள். அதை ஒன்பதால் வகுத்தால் 8 நாள். எதிர் விகிதம் நடத்திய வாரத்தில் வீட்டுப்பாடத்தில் இப்படிப்பட்ட கணக்கு பத்துக்குப் பத்தும் சரியாகச் செய்தவள் இவள். சிறு தேர்வில் அதே கணக்குக்கு 18 நாள் என்று எழுதியிருக்கிறாள். ஆள் கூடினால் நாளும் கூடுமாம். என்ன நடந்தது என்றால், வீட்டுப்பாடத்தில் மேலே 'எதிர் விகிதம்' என்று தலைப்பு இருந்தது. எல்லாக் கணக்கும் ஒரே வகை. தேர்வில் நான் தலைப்புக் கொடுக்கவில்லை. மூன்று நோட்டு 75 ரூபாய் என்றால் ஐந்து நோட்டு எவ்வளவு என்ற கணக்கை முன்னால் வைத்து, ஆள் கணக்கை அடுத்து வைத்தேன். முதல் கணக்கில் செய்ததையே இரண்டாவதிலும் செய்துவிட்டாள். அவளுக்குப் பெருக்கவும் வகுக்கவும் தெரியும். எது எந்த வகைக் கணக்கு என்று பிரிக்கத் தெரியவில்லை. டியூஷனில் அதே வகைக் கணக்கு இன்னும் இருபது போட்டால் இது சரியாகாது, இன்னும் மறைந்துதான் போகும்.

இந்த மாதிரிப் பிள்ளைக்கு நான் செய்வது சின்ன வேலை. எட்டுக் கணக்கு எழுதிக் கொடுப்பேன். விடை காண வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஒன்று கூடினால் மற்றது கூடுமா குறையுமா என்று மட்டும் எழுது என்பேன். தண்ணீர்க் குழாயும் தொட்டியும், பஸ்ஸின் வேகமும் போய்ச்சேரும் நேரமும், அரிசியும் விலையும் என்று கலந்து இருக்கும். எட்டில் ஏழு சரியாகச் சொல்லும் நாளில் கணக்குப் போடச் சொல்வேன். இதற்கு இரண்டு வகுப்பு நேரம் போதும். பருவ நடுவிலேயே தெரிந்தால்தான் இது முடியும். கடைசித் தேர்வில் தெரிந்தால், அடுத்த நாள் லீவு விட்டுவிடுவார்கள்.

அவளுக்கு வளரறி (அ)-வில் 17 எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டும். இணைகரத்தில் தடுமாறும் பிள்ளை அதே பாடத்தின் செயல்பாட்டில் 9 வாங்கியிருக்கிறாளே? வீட்டிலிருந்து அழகான அட்டை மாதிரி வந்தது. தெர்மாகோல், பளபளப்புத் தாள், ஓரத்தில் ஜிகினா. அண்ணன் செய்ததா, ஸ்டேஷனரி கடையில் வாங்கியதா, எனக்குத் தெரியாது. அந்த மாதிரியில் இணைகரம் அழகாக இருக்கிறது, ஆனால் எதை வெட்டி எங்கே ஒட்டினால் அது செவ்வகமாகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்பது அதில் தெரியவில்லை.

ஆகவே இந்த ஆண்டு முதல் என் வகுப்பில் கணக்குச் செயல்பாடு எதுவும் வீட்டுக்கு வராது. வகுப்பிலேயே பழைய காலண்டர் அட்டை தருவேன். இணைகரம் வரைந்து, இடது மூலையிலிருந்து நேராக ஒரு முக்கோணத்தை வெட்டி வலதுபக்கம் ஒட்ட வேண்டும். 8 செ.மீ. அடியும் 4 செ.மீ. உயரமும் உள்ள செவ்வகம் கிடைக்கும். சாய்ந்த பக்கத்தின் 5 எங்கே போயிற்று என்று கேட்பேன். அளந்து வெட்டியதற்கு 3 மதிப்பெண், நோட்டில் எழுதியதற்கு 3, அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலுக்கு 4. ஜிகினாவுக்கு மதிப்பெண் இல்லை. நீங்கள் இரவு பதினொரு மணிக்குக் கடை தேடி அலையவும் வேண்டாம்.

இப்போது இரண்டாவது பிள்ளை. வளரறியில் 20 மட்டுமே. சிறு தேர்வில் 3, 5, 6, 6. செயல்பாட்டில் இரண்டு நாள் வரவில்லை, வந்த இரண்டிலும் நாலு நாலு. கடைசித் தேர்வில் மட்டும் 60-க்கு 48. "வருஷம் பூரா விளையாடிட்டு கடைசியில படிச்சிருக்கான்" என்பார் அப்பா. அப்படியும் நடக்கும். கடைசி இரண்டு வாரம் கைடை உருப்போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. விடைத்தாளில் புத்தகக் கணக்கை அப்படியே கேட்ட இடங்களையும், எண்ணையும் கதையையும் மாற்றிக் கேட்ட இடங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். முதல் வகையில் முழு மதிப்பெண், இரண்டாவது வகையில் வெற்றிடம் என்றால் அது உருப்போட்டது. இரண்டிலும் எழுதியிருந்தால் அவன் உண்மையிலேயே கற்றிருக்கிறான், கொஞ்சம் மெதுவாகக் கற்றிருக்கிறான், அவ்வளவுதான். 3, 5, 6, 6 என்ற வரிசை ஏறிக்கொண்டுதான் போகிறது.

இந்தப் பிள்ளையின் விஷயத்தில் முறை மீதே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கற்றுக்கொண்டிருக்கும்போது செய்யும் தவறுக்கும் மதிப்பெண் குறைகிறது. ஜூலையில் தெரியாமல் இருந்து செப்டம்பரில் தெரிந்துகொண்டவனுக்கு, ஜூலையில் தெரியாததற்கான தண்டனை அட்டையில் அப்படியே நிற்கிறது. சிறு தேர்வைத் திருத்தி, தவறைக் காட்டி, மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுப்பதே சரி என்பது என் கட்சி. அப்படிச் செய்தால் பாதிப் பிள்ளைகள் எழுதவே மாட்டார்கள் என்பது எங்கள் ஓய்வறையில் எதிர்க்கட்சி. அதிலும் உண்மை இருப்பதால் இப்போதைக்கு மதிப்பெண் போடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். ஒரு பாடத்தில் எட்டு மதிப்பீடு என்றால் ஒரு பருவத்தில் 320 பதிவுகள். இரண்டு பிரிவு எடுக்கும் ஆசிரியருக்கு 640. இதற்கு மேல் பாடம் நடத்த வேண்டும். சில இடங்களில் பருவக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எல்லோருக்கும் 18, 19 என்று நிரப்பிவிடுவது நடக்கிறது. யாரும் மனம் நோக வேண்டாம் என்று தாராளமாகப் போடுவதும் நடக்கிறது. வகுப்பு முழுக்க 40-க்கு 36, 37 என்றால் அந்த 40 எதையும் சொல்லவில்லை என்று பொருள். உங்கள் பிள்ளைக்கு எல்லாப் பாடத்திலும் வளரறி 37-ஆக இருந்து, தொகுத்தறி ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சிறு தேர்வு நோட்டைக் கேளுங்கள். தேதி இருக்கிறதா, தவறு வட்டமிடப்பட்டிருக்கிறதா, பிள்ளை அதைத் திருத்தி மறுபடி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். நோட்டு வைத்திருக்கிறவர் கோபிக்க மாட்டார்.

"எப்படியும் ஆல் பாஸ்தானே" என்ற பேச்சுக்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம்தான் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. அதே சட்டம்தான் பிள்ளை புரிந்துகொண்டதையும், அதைப் பயன்படுத்தத் தெரிந்ததையும் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. இரண்டும் ஒன்றாக வந்தவை. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாமா என்பதை மாநிலங்கள் முடிவு செய்யலாம் என்றானது. இங்கே பொதுத்தேர்வு அறிவித்து, 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. ஆகவே E2 வாங்கிய பிள்ளையும் ஜூனில் எட்டாம் வகுப்புப் பெஞ்சில் உட்காரும். அதைத் தடுக்க யாரும் இல்லை. அப்படி உட்காரும் முன் யாராவது கவனித்தார்களா என்பதுதான் கேள்வி. கவனிப்பதற்கென்று இருப்பது அந்தச் சிறு தேர்வுகள் மட்டுமே. உங்கள் பிள்ளையின் அட்டையில் D-யோ அதற்குக் கீழோ இருந்தால் 'பாஸ்தானே' என்று மடித்து வைக்காமல், அதே வாரத்தில் என்னிடம் வாருங்கள்.

பத்தாம் வகுப்பில் இதெல்லாம் இருக்காதே, எதற்கு இந்தப் பழக்கம் என்று சிலர் கேட்கிறீர்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. மேல்நிலை வகுப்புகளில் பாடத்துக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு இருக்கிறது. மீதி பெரும்பாலும் எழுத்துத் தேர்வு என்பது உண்மை. அந்த எழுத்துத் தேர்வில் கேள்விகள் தலைப்பில்லாமல் கலந்துதான் வரும். ஆறு பேர், ஒன்பது பேர் கணக்கில் 18 என்று எழுதிய பிள்ளையை ஏழாம் வகுப்பில் திருத்தினால் அங்கே உதவும்.

இன்னொரு விஷயம். முதல் பருவப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். தேர்வு முடிந்துவிட்டது என்றாலும் பாடம் முடியவில்லை. மூன்றாம் பருவத்தில் சதவீதமும் தனிவட்டியும் வரும். விகிதம் புரியாத பிள்ளைக்கு அங்கே ஒரு வரியும் நகராது. அப்போது நான் 'முதல் பருவப் புத்தகத்தைக் கொண்டு வா' என்று சொல்வேன். போன வருடம் பாதி வகுப்பு விழித்தது.

அட்டையின் கீழே கல்வி இணைச் செயல்பாடு என்று ஒரு பகுதி இருக்கும். விளையாட்டு, வாழ்க்கைத்திறன், மனப்பான்மை எல்லாம் அதில் வரும். அதற்கு மதிப்பெண் கிடையாது, தரநிலை மட்டுமே. அது உங்கள் பிள்ளை மீது தீர்ப்பு இல்லை. ஒரு பிள்ளையின் மனப்பான்மைக்கு எழுத்துப் போடும்போது எனக்கே கை தயங்கும்.

வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், காலை 10 மணி. அட்டையை மட்டும் கொண்டு வராதீர்கள். கணக்குச் சிறு தேர்வு நோட்டையும் கொண்டு வாருங்கள். வரும் முன் அதில் நான்கு தேர்வின் மதிப்பெண்ணையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, அட்டையில் ஏறாத அந்த இரண்டு தேர்வும் எந்தப் பாடம் என்று பிள்ளையிடம் கேட்டு வாருங்கள். பிள்ளையும் கூட வரட்டும். வேலை நாள் என்று வர முடியாதவர்கள் நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், மாலையில் பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் வகுப்பில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை